புதினாவுக்கு டம்ளர், கொத்தமல்லிக்குத் துணி: மும்பை ஈரத்தில் கீரைக்கட்டு ஒரு வாரம் தாங்க எந்த வழி?

மும்பையில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் காய்கறி வாங்குவது பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறைதான். சனிக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டிலோ செம்பூர் ஸ்டேஷன் பக்கத்திலோ மொத்தமாக வாங்கி வந்துவிட்டால் அடுத்த சனி வரை ஓட்ட வேண்டும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் கூடையிலேயே கிடக்கும். கேரட், பீன்ஸ் எல்லாம் ஃப்ரிட்ஜில் தாங்கிவிடும். புதன்கிழமைக்குள் கைவிட்டுவிடுவது கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் புதினாவும்தான். வியாழக்கிழமை ரசத்தை இறக்கும் நேரத்தில் டப்பாவைத் திறந்தால் பாதி மஞ்சள், பாதி கொழகொழ. மழைக்காலத்தில் கொத்தமல்லிக் கட்டு விலை ஏறிக் கிடக்கும்போது இப்படி ஆனால் வயிறு எரியும்.

வீடுகளில் இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தண்டை அதில் நிறுத்தி, மேலே ஒரு கவரைக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைப்பது ஒன்று. துணியிலோ டிஷ்யூ பேப்பரிலோ சுற்றி மூடிபோட்ட டப்பாவில் வைப்பது இன்னொன்று. வாங்கி வந்த பையோடு அப்படியே காய்கறி டிரேயில் போட்டுவிடுவது மூன்றாவது.

மூன்றாவதை முதலிலேயே தள்ளிவிடலாம். இங்கே காய்க்காரர்கள் கீரைக்கட்டுகள் வாடாமல் இருக்க அடிக்கடி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் நாம் வாங்கும் கட்டின் நடுப்பகுதி தொட்டால் சொதசொதவென்று இருக்கும். அந்த ஈரத்தோடு பையில் முடிந்து வைத்தால் இரண்டு நாளில் நடுவிலிருந்து அழுக ஆரம்பித்துவிடும். வெளியில் தெரிகிற இலை பச்சையாகவே இருப்பதால் பிரித்துப் பார்க்கும் வரை தெரியாது.

மீதி இரண்டில் எது நல்லது என்று கேட்டால் மூன்று இலைக்கும் ஒரே பதில் கிடையாது. பலரும் கொத்தமல்லியை டம்ளரிலும் புதினாவை டப்பாவிலும் வைக்கிறார்கள். நான் அதை மாற்றிச் செய்யச் சொல்வேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இலை எப்படியெல்லாம் கெடுகிறது என்று பார்த்துவிடலாம்.

கெட்டுப்போன இலையைப் பார்த்தே காரணம் சொல்லலாம்

பறித்த பிறகும் இலைக்கு உயிர் இருக்கிறது. மூச்சு விடுகிறது, தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. செடியில் இருந்தவரை வேர் அந்தத் தண்ணீரை ஈடுகட்டியது. இப்போது ஈடுகட்ட ஆளில்லை. குளிரில் வைப்பதால் மூச்சும் மெதுவாகும், தண்ணீர் போவதும் மெதுவாகும், ஆனால் நிற்காது. அதனால்தான் ஃப்ரிட்ஜில் திறந்து வைத்த கொத்தமல்லி மறுநாளே துவண்டு போகிறது. அது வாடல். இலைக்குள் தண்ணீர் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். தண்டின் அடியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் நிறுத்தினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

இரண்டாவது மஞ்சளாவது. இலை வயதாகிப் பச்சையத்தை இழப்பதால் வருவது இது. பழுக்கிற பழங்கள் விடும் எத்திலீன் வாயு இதை வேகப்படுத்தும். தக்காளி, ஆப்பிள், வாழைப்பழம், மாம்பழம் எல்லாமே அந்த வாயுவை விடுகிறவை. மே மாதம் அல்போன்சா பெட்டி வந்ததும், பழுத்தவற்றைக் காய்கறி டிரேயில் அடுக்குகிற வீடுகளில் அதே டிரேயில் கிடக்கும் கொத்தமல்லி வழக்கத்தைவிடச் சீக்கிரம் மஞ்சளடிக்கும். மஞ்சளான இலையைத் திரும்பப் பச்சையாக்க வழியில்லை. பழத்தையும் இலையையும் ஒரே டிரேயில் வைக்காமல் இருப்பது ஒன்றுதான் செய்யக்கூடியது.

மூன்றாவது கருப்பும் கொழகொழப்பும். இலையின் மேல் தண்ணீர் தங்கி, அதில் பாக்டீரியா பெருகுவதால் கொழகொழப்பு வரும். கசங்கிய இடம் காற்றுப் பட்டுக் கருக்கும், புதினாவில் இது அதிகம். ஃப்ரிட்ஜின் பின்சுவரில் ஒட்டிக் கிடந்து இலை உறைந்துபோனாலும் கருக்கும். அப்படி உறைந்த இலை, வெளியே எடுத்ததும் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவத் தெரியும், அப்புறம் கருத்துத் தொங்கிவிடும். கொழகொழத்த தண்டைக் கழுவிப் பார்த்துப் பயன் இல்லை. அதை மட்டுமல்ல, அதைத் தொட்டுக்கொண்டிருந்த இலைகளையும் எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

இந்த மூன்றையும் தெரிந்து வைத்துக்கொண்டால் எந்த வழி எங்கே தோற்கிறது என்பது புரிந்துவிடும். இலை வாடியிருந்தால் மூடி சரியில்லை, ஈரம் போதவில்லை. கொழகொழவென்று ஆனால் ஈரம் கூடிவிட்டது. இலைக்குள் தண்ணீர் நிற்க வேண்டும், இலைமேல் தண்ணீர் நிற்கக் கூடாது. டம்ளரும் துணியும் இந்த ஒரே வேலையை வேறு வேறு விதமாகச் செய்பவை.

டம்ளரா, துணியா

டம்ளரின் பலம், தண்டு வழியாக இலைக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருப்பது. இலை காய்ந்தே இருக்கும், உள்ளே தண்ணீரும் குறையாது. ஒழுங்காகச் செய்தால் இதைவிட நன்றாகத் தாங்கும் வழி எதுவும் இல்லை. பலவீனம் இடம். இங்கே கிடைக்கிற கொத்தமல்லிக் கட்டு வேரோடு ஒரு முழம் இருக்கும். அதை நிமிர்த்தி வைக்க இரண்டு தட்டுக்கு நடுவே உயரம் போதாது. கடைசியில் அது கதவில் பாட்டில் வைக்கும் இடத்துக்குப் போகும். கதவுதான் ஃப்ரிட்ஜிலேயே சூடு ஏறி இறங்குகிற இடம். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று முதலில் படுவது அங்கேதான். பால் எடுக்கும் அவசரத்தில் இழுத்தால் தண்ணீர் தளும்பிக் கொட்டும். கவரும் விலகிவிடும், கவர் விலகினால் இலை வாடும்.

புதினா அப்படியில்லை. கட்டு ஒரு சாண் உயரம்தான். சிறிய டம்ளரில் நிறுத்தி நடுத்தட்டிலேயே வைத்துவிடலாம். அதோடு, இந்த மூன்றில் டப்பாவுக்குள் மிகச் சீக்கிரம் கெடுவதும் புதினாதான். இலை மெல்லியது, தண்ணீர் வேகமாகப் போகும். உலர்ந்த துணியில் சுற்றினால் இரண்டு நாளில் சுருங்கும். ஈரத் துணியில் சுற்றினால் கசங்கிய இடமெல்லாம் கருக்கும். எவ்வளவு கவனமாகச் சுற்றினாலும் டப்பாவில் அது ஐந்து நாள் நன்றாக இருந்தால் பெரிய விஷயம். தண்ணீரில் நிறுத்தினால் வாரம் முழுக்கத் தாங்கும்.

கொத்தமல்லியோ துணி வைத்த டப்பாவில் ஒரு வாரம் சுலபமாக வரும். ஆக, ஃப்ரிட்ஜில் ஒரே ஒரு டம்ளருக்குத்தான் இடம் என்றால் அது புதினாவுக்குப் போக வேண்டும். டம்ளர் இல்லாமலும் பிழைக்கிற கொத்தமல்லிக்கு அதைக் கொடுத்துவிட்டு, அது இல்லாமல் பிழைக்காத புதினாவை டப்பாவில் போடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் வீண்.

கறிவேப்பிலைக்கு டம்ளர் தேவையே இல்லை. அதன் இலை தடிமன், மேலே மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணீர் மெதுவாகத்தான் போகும். அதற்கு ஆபத்து முழுக்க இலைமேல் தங்கும் ஈரத்திலிருந்துதான். நன்றாக உலர்ந்து, இறுக்கமான டப்பாவில் இருந்தால் ஒரு வாரம் தாண்டியும் மணக்கும்.

செம்பூரில் அண்ணி வீட்டு ஃப்ரிட்ஜ்

என் அண்ணி செம்பூரில் இருக்கிறார். வீட்டில் மூன்று பேர். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், அதில் மாவுப் பாத்திரத்துக்கும் தயிருக்கும் போக மிச்ச இடம் கொஞ்சம்தான். ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது அவர் வாங்கி வந்தது ஒரு கட்டு கொத்தமல்லி, ஒரு சிறு கட்டு புதினா, இரண்டு கை கறிவேப்பிலை. அவரும் இலையைத் துணியில் சுற்றி டப்பாவில்தான் வைப்பவர். ஆனாலும் மழைக்காலத்தில் மட்டும் அது கைகொடுப்பதில்லை என்று வருத்தப்பட்டார்.

"எல்லாத்தையும் அலசி ஆய்ஞ்சு வச்சாத்தானே காலையில அவசரத்துக்கு எடுக்க முடியும்?" என்றார்.

"மழைக்காலத்துல மட்டும் அலச வேண்டாம் அண்ணி, எடுக்கும்போது அலசிக்கலாம்" என்றேன். காரணமும் சொன்னேன். ஏப்ரலில் அலசிய இலையை ஃபேனுக்கு அடியில் பரப்பினால் சீக்கிரம் உலரும். ஜூலையில் காற்றே ஈரம். கொத்தமல்லி மேல்பக்கம் உலர்ந்த மாதிரி இருக்கும், தண்டு பிரியும் கணுவில் துளி நிற்கும். முழுக்க உலரட்டும் என்று விட்டுவைத்தால் அதற்குள் இலை துவண்டுவிடும். அலசுவதால் கிடைக்கும் வசதியைவிட அழுகலால் வரும் நஷ்டம் அதிகம். கட்டில் சேறு நிறைய இருந்தால் வேரை மட்டும் அலசி வெட்டிப் போட்டுவிடலாம், இலையில் தண்ணீர் பட வேண்டாம்.

முதலில் மூன்று கட்டையும் பிரித்து, பழைய பருத்தித் துணி ஒன்றில் தனித்தனியாகப் பரப்பினோம். நியூஸ்பேப்பரை அண்ணி எடுத்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அச்சு மையில் இருக்கும் ரசாயனம் உணவில் ஒட்டும் என்பதால் உணவை நியூஸ்பேப்பரில் சுற்றக் கூடாது என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2016-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. ஈரமான இலையில் மை இன்னும் சுலபமாக ஒட்டும். நைந்த வேட்டித் துணிதான் இதற்கு எல்லாவற்றையும்விட நல்லது. மெல்லியது, ஈரத்தை நன்றாக இழுக்கும், துவைத்துக் காயப்போட்டு மறுபடி எடுக்கலாம்.

காய்க்காரர் தெளித்த ஈரம் போகும் வரை அரை மணி நேரம் ஃபேனுக்கு அடியில் கிடந்தது. அதற்குள் ஆய்ந்துவிட்டோம். மஞ்சள் இலை, கருப்புப் புள்ளி விழுந்தது, நசுங்கிய தண்டு எல்லாம் வெளியே. இந்த வேலையில் சோம்பல் கூடாது. ஒரே ஒரு அழுகிய தண்டு உள்ளே போனாலும் அது பக்கத்தில் இருப்பதைத் தொற்றும்.

கொத்தமல்லியில் வேரை வெட்டிவிட்டு, தண்டோடு இரண்டாக மடக்காமல் படுக்கிற அளவுக்கு நீளமான டப்பா ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அடியில் உலர்ந்த துணி, மேலே கொத்தமல்லியைத் தளர்வாகப் பரப்பி, அதற்கு மேலேயும் ஒரு மடிப்புத் துணி, அப்புறம் மூடி. மேல்துணிதான் முக்கியம், பலர் அதை விட்டுவிடுவார்கள். குளிர்ந்ததும் மூடியின் உட்பக்கம் நீர் கோக்கும். மேல்துணி இல்லாவிட்டால் அந்தத் துளிகள் நேராக இலைமேல் சொட்டும். டப்பாவை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பவில்லை. அமுக்கி அடைத்தால் நடுவில் கசங்கி, சூடு தங்கி, அங்கேயே முதலில் கெடும்.

புதினாவில் தண்டின் அடியை ஒரு விரல் அகலம் கத்தரிக்கோலால் வெட்டினோம். வெட்டுவாய் பழசானால் தண்ணீர் ஏறாது. தண்ணீருக்குள் மூழ்கக்கூடிய கீழ் இலைகளை உருவி அன்றைய துவையலுக்கு எடுத்துக்கொண்டார் அண்ணி. தண்ணீருக்குள் இலை கிடந்தால் அது அழுகித் தண்ணீரைக் கலக்கிவிடும். டம்ளரில் இரண்டு விரல் அளவுக்குத் தண்ணீர், அதில் தண்டுகளை நெருக்காமல் நிறுத்தி, பிரெட் வந்த கவரைத் தொப்பி போலக் கவிழ்த்தோம். கவரின் அடியை இறுக்கிக் கட்டவில்லை. இறுக்கினால் உள்ளே வியர்த்து இலை நனையும், முழுக்கத் திறந்து வைத்தால் வாடும். தளர்வாகத் தொங்கினால் போதும்.

கறிவேப்பிலையைத்தான் நிறையப் பேர் இலை இலையாக உருவி வைக்கிறார்கள். அண்ணியும் அப்படித்தான். நான் ஈர்க்கோடு வைக்கச் சொல்வேன். உருவும்போது ஒவ்வொரு இலையின் அடியிலும் ஒரு சிறு காயம், அங்கிருந்துதான் கருப்பு ஏறும். தடித்த கிளையை மட்டும் ஒடித்துப் போட்டுவிட்டு, ஈர்க்கு ஈர்க்காகப் பிரித்து அடுக்கினால் அதே டப்பாவில் அடங்கிவிடும். தாளிக்கும்போது ஒரு ஈர்க்கை எடுத்து அலசி உருவ எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? நான்கைந்து நாளில் தீர்ந்துவிடும் வீட்டில் உருவி வைத்தாலும் தப்பில்லை. ஒரு வாரத்துக்கு என்றால் ஈர்க்கோடுதான்.

கறிவேப்பிலைக்கு மட்டும் இரண்டு டப்பா எடுத்தோம். இங்கேதான் மழைக்கால மும்பையின் சிக்கல் இருக்கிறது. காலையில் சட்னிக்கு, மத்தியானம் சாம்பாருக்கு, ராத்திரி பொரியலுக்கு என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்த டப்பா வெளியே வரும். அடுப்புப் பக்கத்தில் மூடி திறந்தபடி ஐந்து நிமிடம் இருந்தால், சமையலறையின் ஈரக்காற்று குளிர்ந்த இலையில் பட்டு அதன்மேல் நீராக இறங்கும். அந்த ஈரத்தோடு மறுபடி மூடி உள்ளே வைக்கிறோம். துணியில் சுற்றியும் அண்ணியின் டப்பா மழைக்காலத்தில் கெட்டுக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் இரண்டு நாளைக்கு வேண்டியது மட்டும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில், மீதி பெரிய டப்பாவில். பெரியது இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் திறக்கும், அதையும் ஃப்ரிட்ஜ் பக்கத்திலேயே திறந்து எடுத்துவிட்டு உடனே மூடிவிட வேண்டும்.

வைக்கும்போதும் இதே விஷயம்தான். அறைச் சூட்டில் இருக்கும் இலையை டப்பாவில் போட்டு உடனே இறுக்க மூடினால், உள்ளே அடைபட்ட ஈரக்காற்று குளிரக் குளிர அதிலிருக்கும் தண்ணீரை இலைமேல் இறக்கும். அதனால் மூன்று டப்பாக்களையும் முதல் அரை மணி, முக்கால் மணி நேரம் மூடியைச் சாய்த்து வைத்தபடி ஃப்ரிட்ஜில் விட்டு, இலை குளிர்ந்த பிறகு மூடினோம்.

செவ்வாய்க்கிழமை அண்ணியிடம் ஒரு வேலை பாக்கி இருந்தது. கொத்தமல்லி டப்பாவின் துணியைத் தொட்டுப் பார்ப்பது. லேசான சிலுசிலுப்பு இருந்தால் அப்படியே விடலாம். பிழிந்தால் ஈரம் கையில் ஒட்டும் என்கிற நிலை வந்தால் வேறு உலர்ந்த துணி மாற்ற வேண்டும். துணி மொடமொடவென்று காய்ந்து இலையும் துவண்டிருந்தால் அதற்கு நேர்மாறு. அப்போது துணியை நனைத்து, சொட்டு வராத அளவுக்கு ஒட்டப் பிழிந்து போட வேண்டும். புதினா தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். தண்ணீர் கலங்கியிருந்தாலோ வாடை வந்தாலோ டம்ளரையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தண்டின் அடியையும் மறுபடி கொஞ்சம் வெட்ட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை போனில் கேட்டபோது, கொத்தமல்லியில் சில இலை மட்டும் மஞ்சள், புதினா நன்றாக இருக்கிறது, கறிவேப்பிலை இன்னும் மிச்சம் என்றார். கொத்தமல்லி டப்பாவை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். டிரேயில் தக்காளிக்குப் பக்கத்தில்.

எந்த ஃப்ரிட்ஜ் என்பதும் கணக்கில் வரும்

இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் உள்ளே விசிறி ஓடிக் குளிர்ந்த காற்றைச் சுற்றவிடும். அந்தக் காற்று வறண்டது. மூடாமல் வைத்த எதுவும் அதில் சீக்கிரம் காயும். எனவே அங்கே மூடிதான் முக்கியம், கவர் இல்லாத டம்ளரால் பயனில்லை. அடி டிரேயில் ஈரம் கூட்டிக் குறைக்கும் சின்னத் தள்ளு இருந்தால் அதை மூடிய பக்கம் வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும், இலைகளுக்கு அதுதான் வேண்டும்.

வாடகை வீடுகளில் அதிகம் பார்க்கும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் கதை வேறு. மேலே ஃப்ரீசர் பெட்டியில் பனி கட்டும், அதன் அடியில் இருக்கும் தட்டு கடுங்குளிர், பின்சுவரில் தண்ணீர் வழியும். அங்கே வாடலைவிட உறைவதும் நனைவதும்தான் பயம். ஃப்ரீசருக்கு நேர் கீழே இலை டப்பா வேண்டாம். பின்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நடுத்தட்டில் வைக்கலாம், அல்லது காய்கறி டிரேயில் வைக்கலாம். இந்த ஃப்ரிட்ஜில் புதினா டம்ளரின் கவரை இன்னும் கொஞ்சம் தளர்த்தி விட்டால் நல்லது. பனி கெட்டியாகிவிட்டால் உருக்கிவிட்டு வைக்கவும். உருகும்போது வழியும் தண்ணீர் டப்பாவுக்குள் இறங்காமல் அன்றைக்கு மட்டும் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

டப்பா பிளாஸ்டிக்கா எவர்சில்வரா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. எவர்சில்வர் சீக்கிரம் குளிரும் என்பதால் வெளியே எடுத்ததும் சீக்கிரம் வியர்க்கவும் செய்யும். துணி இருந்தால் இரண்டும் ஒன்றுதான். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாம்பார் பொடி, இஞ்சி பூண்டு விழுது வைத்த டப்பா என்றால் வாசனை போகக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே இலைக்கு எடுக்கவும்.

அலசித்தான் வைப்பேன் என்பவர்களுக்கு

காலை ஆறு மணிக்கு டிபன் கட்டிக்கொண்டு ஏழேகால் லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவர்களிடம் தினமும் அலசிக்கொள்ளுங்கள் என்று சொல்வது சுலபம். அவர்கள் நிலை எனக்குப் புரிகிறது. நவம்பரிலிருந்து மே வரை அலசி வைக்கலாம். ஆனால் கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் மட்டும். புதினாவை எந்தக் காலத்திலும் அலசி வைக்க வேண்டாம், அலசும்போதே கசங்கும்.

அலசுவதானால் குழாய்க்கு அடியில் நேராகப் பிடிக்காமல் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி இலையை அதில் அமிழ்த்தி எடுக்கவும். மண் அடியில் தங்கும், இலை கசங்காது. தண்ணீர் தெளிவாகும் வரை மாற்றுங்கள். பிறகு உதறி, துணியில் ஒற்றி, ஒரே அடுக்காகப் பரப்பவும். உலர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: ஒரு கொத்தைக் காய்ந்த எவர்சில்வர் தட்டுக்கு மேலே வேகமாக உதறுங்கள். தட்டில் ஒரு புள்ளித் தண்ணீர் விழுந்தாலும் இன்னும் நேரம் ஆகவில்லை.

நறுக்கி வைப்பது மட்டும் வேண்டாம். நறுக்கிய கொத்தமல்லியில் வெட்டுவாய்கள் எத்தனையோ, எல்லாவற்றிலிருந்தும் சாறும் மணமும் போய்க்கொண்டே இருக்கும். மறுநாளுக்குச் சரி, அதற்கு மேல் நிற்காது.

ஃப்ரீசரைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு வாரத்துக்குள் பயன்படுத்தப் போகும் இலைக்கு அது தேவையில்லை. உறைந்த கொத்தமல்லி உருகினால் துவண்டு போகும், ரசத்தின் மேல் தூவ ஆகாது, குழம்பில் போட்டுக் கொதிக்கவிடத்தான் ஆகும். கறிவேப்பிலை கருத்தாலும் தாளிக்க உதவும். ஆனால் பனியோடு சூடான எண்ணெயில் போட்டால் பயங்கரமாகத் தெறிக்கும், அடுப்பைக் குறைத்துவிட்டு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். கணபதிக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகிறவர்களுக்கு, கிளம்பும் முன்னால் மிச்சமிருக்கும் கொத்தமல்லியையும் புதினாவையும் பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சை சேர்த்துக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அரைத்து ஐஸ் டிரேயில் ஊற்றிவிடுவது நல்லது. திரும்பி வந்த அன்றைக்குச் சாண்ட்விச்சுக்கு இரண்டு கட்டி எடுத்தால் போதும்.

வாரக் கடைசியில் டப்பாவில் மிஞ்சியதைப் புதிதாக வாங்கிவந்த கட்டோடு கலக்க வேண்டாம். பழசைத் தனியாக எடுத்து அன்றைக்கே துவையலாகவோ, கறிவேப்பிலை என்றால் வெறும் வாணலியில் வறுத்துப் பொடியாகவோ ஆக்கிவிடுங்கள். துணியைத் துவைத்துக் காயப்போட்டு, டப்பாவைக் கழுவி உலர்த்திய பிறகு புதுக் கட்டு உள்ளே போகட்டும்.